டான் டெல்டா 0.14 என்றால் கெபாசிட்டர் எவ்வளவு சூடாகும்?

"12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டரில் போட 1000 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கெபாசிட்டர் வாங்கினேன். டேட்டாஷீட்டில் இஎஸ்ஆர் இல்லை, டான் டெல்டா 0.14 என்று மட்டும் இருக்கிறது. அதை வைத்து எவ்வளவு சூடாகும் என்று கணக்குப் போட முடியுமா?"

முடியும். ஆனால் அந்த 0.14-ஐத் தூக்கி நேராக அடாப்டர் ஓடும் ஃப்ரீக்வென்சியில் போட்டுவிடாதீர்கள். நான் முதல் தடவை அப்படித்தான் போட்டு, கெபாசிட்டர் சூடாகவே ஆகாது என்று நிம்மதியாக இருந்தேன்.

கெபாசிட்டருக்குள் போகும் சக்தி முழுதும் திரும்பி வருவதில்லை. எலக்ட்ரோலைட்டில் நனைந்த காகிதம், ஃபாயில், கால்கள், ஆக்சைடு படலம் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் சக்தியை வெப்பமாக விழுங்கும். அந்த நஷ்டம் எல்லாவற்றையும் சேர்த்து, தொடராக நிற்கும் ஒரே ரெசிஸ்டராகக் கற்பனை செய்துகொண்டால் அதுதான் இஎஸ்ஆர். கெபாசிட்டரின் ரியாக்டன்ஸில் அது எத்தனை பங்கு என்பதுதான் டான் டெல்டா. ஆகவே:

```
ESR = tan δ / (2π f C)
```

டேட்டாஷீட்டில் 0.14-க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 120 ஹெர்ட்ஸ், 20 டிகிரி என்று இருக்கும். அந்த ஃப்ரீக்வென்சியில் 1000 மைக்ரோஃபாரடின் ரியாக்டன்ஸ் 1.33 ஓம். அதில் 0.14 பங்கு என்றால் 0.186 ஓம். இது கம்பெனி தரும் உச்ச வரம்பு. புதுச் சரக்கை அளந்தால் பெரும்பாலும் இதைவிடக் குறைவாகவே காட்டும்.

உங்கள் அடாப்டரோ 65 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் ஓடும். அங்கே ரியாக்டன்ஸ் 2.4 மில்லிஓம்தான். அதையும் 0.14-ஆல் பெருக்கினால் 0.34 மில்லிஓம் வருகிறது. கெபாசிட்டரின் இரண்டு கால் கம்பிகளுக்கே அதைவிட ரெசிஸ்டன்ஸ் அதிகம்! டான் டெல்டா மாறாமல் இருக்கும் என்று எடுத்துக்கொண்டதுதான் தப்பு. ஃப்ரீக்வென்சி ஏறும்போது ஆக்சைடு படலத்தின் நஷ்டத்தால் வரும் ரெசிஸ்டன்ஸ் மட்டும் குறையும். எலக்ட்ரோலைட்டும் காகிதமும் தரும் ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். அதனால் இஎஸ்ஆர் ஓரளவு இறங்கி நின்றுவிடும், டான் டெல்டாதான் ஏறிக்கொண்டே போகும்.

அப்படியானால் 65 கிலோஹெர்ட்ஸில் எவ்வளவு? அதே டேட்டாஷீட்டின் கடைசியில் ரிப்பிள் கரண்ட்டுக்கு ஃப்ரீக்வென்சி வாரியாக ஒரு பெருக்கல் எண் அட்டவணை இருக்கும். 120 ஹெர்ட்ஸில் 1, மேலே போகப் போகக் கூடும். அதே அளவு வெப்பத்தில் எத்தனை மடங்கு கரண்ட் விடலாம் என்பதுதான் அந்த எண். வெப்பம் கரண்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அந்த எண்ணை வர்க்கமாக்கி 0.186-ஐ வகுத்தால் அந்த ஃப்ரீக்வென்சியின் இஎஸ்ஆர் தோராயமாகக் கிடைத்துவிடும். உதாரணத்துக்கு 1.4 என்று போட்டிருந்தால் வர்க்கம் 1.96, இஎஸ்ஆர் 0.095 ஓம். எனக்குத் தெரிந்து பலர் கண்டுகொள்ளாமல் விடும் அட்டவணை இது.

அடுத்தது கரண்ட். லோடு 1 ஆம்பியர் என்பதால் கெபாசிட்டரிலும் அவ்வளவுதான், அல்லது அதற்கும் குறைவு என்று தோன்றும். இந்த மாதிரிச் சின்ன அடாப்டர்கள் அநேகமாக ஃப்ளைபேக் வகை. அதில் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி கரண்ட் முக்கோண வடிவத்தில் வெட்டி வெட்டி வரும். சுழற்சியில் பாதி நேரம்தான் டையோடு ஓடுகிறது, கரண்ட் உச்சியிலிருந்து பூஜ்யம் வரை இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், சராசரி 1 ஆம்பியர் வர உச்சம் 4 ஆம்பியர் இருக்க வேண்டும். அதன் ஆர்எம்எஸ் 1.63. லோடுக்குப் போகும் 1 ஆம்பியரை வர்க்கக் கணக்கில் கழித்தால் கெபாசிட்டருக்கு மிச்சம்:

```
Irms = √(1.63² − 1²) ≈ 1.3 A
```

லோடு கரண்ட்டைவிடக் கெபாசிட்டர் கரண்ட் கூடுதல். சரி, இனி வெப்பம். 1.3-இன் வர்க்கம் 1.69, அதை 0.095 ஓமால் பெருக்கினால் 0.16 வாட்.

0.16 வாட் அற்பமாகத் தெரியலாம், ஆனால் அது வெளியேற வழி எவ்வளவு என்று பாருங்கள். 10 மில்லிமீட்டர் விட்டம், 20 மில்லிமீட்டர் உயரமுள்ள கேன் என்றால் பக்கமும் தலையும் சேர்த்து 7 சதுர சென்டிமீட்டர்தான். இந்த அளவுக் கேன், காற்று ஓட்டம் இல்லாத இடத்தில், ஒரு டிகிரி ஏற்றத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து சுமார் 2.1 மில்லிவாட் வெளியேற்றும். ஆக, 0.16 வாட்டை வெளியே தள்ள மேற்பரப்பு 11 டிகிரி ஏற வேண்டும். உள்ளே இன்னும் ஒன்றிரண்டு டிகிரி கூடுதல். 105 டிகிரி சாதாரணச் சரக்குக்கு 5 டிகிரி ஏற்றம்தான் வழக்கமாக வைக்கும் எல்லை.

இதே அளவில் லோ இம்பீடன்ஸ் வகை வாங்கினால் 100 கிலோஹெர்ட்ஸ் இம்பீடன்ஸையே டேட்டாஷீட்டில் நேராகப் போட்டிருப்பார்கள். 0.03 ஓம் என்றால் வெப்பம் 0.05 வாட், ஏற்றம் மூன்றரை டிகிரி. வித்தியாசம் ஏழெட்டு டிகிரி. 10 டிகிரிக்கு ஆயுள் பாதியாகும் என்ற கணக்கில், ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுதலாக உழைக்கும். நானாக இருந்தால் உங்கள் கெபாசிட்டரைக் கடைக்காரரிடம் கொடுத்து இதை மாற்றிக்கொள்வேன்.

அளந்து பார்க்க ஆசையென்றால் தெர்மோகப்பிளை கேன் மேல் ஒட்டி, அடாப்டரை மூடிப் போட்டு ஓடவிட்டு, பக்கத்துக் காற்றின் வெப்பத்தைக் கழியுங்கள். இன்ஃப்ராரெட் கன்னைத் தலையிலுள்ள வெறும் அலுமினியத்தில் காட்டினால் நிஜத்தைவிடக் குறைவாகச் சொல்லும். பிளாஸ்டிக் உறை இருக்கும் பக்கத்தில் காட்டுங்கள், அல்லது தலையில் இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

வயதான கெபாசிட்டர் வேறு கதை. ரப்பர் அடைப்பு வழியாக எலக்ட்ரோலைட் மெல்ல ஆவியாகி, இஎஸ்ஆர் ஏறும். அதனால் சூடு கூடும், ஆவியாவதும் வேகமாகும். எங்கள் வீட்டு ரவுட்டர் அடாப்டரில் இதைப் பார்த்தேன். ராத்திரி கரண்ட் போன மறுநாள் காலையில் ரவுட்டர் விளக்குகள் மினுக்கிக்கொண்டே இருக்கும், பூட் ஆகாது. கெபாசிட்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் 810 மைக்ரோஃபாரட், பழுது என்று சொல்ல முடியாத எண். மல்டிமீட்டர் நிதானமாக சார்ஜ் ஏற்றிப் பார்ப்பதால் இஎஸ்ஆர் அதன் கண்ணில் படவில்லை. நண்பரின் இஎஸ்ஆர் மீட்டர் 1.4 ஓம் காட்டியது. முழு லோடில் 4 ஆம்பியர் துடிப்பு அதில் விழுந்தால் 12 வோல்ட் லைனில் ஐந்தரை வோல்ட் ஆட்டம். ரவுட்டர் எப்படி எழும்?

கழற்றுவதற்கு முன்பே ஒரு சந்தேகம் இருந்தது. எலக்ட்ரோலைட் குளிர்ந்தால் இஎஸ்ஆர் ஏறும், சூடானால் இறங்கும். ஹேர் டிரையரை இரண்டு நிமிடம் அடாப்டர் மேல் காட்டினேன், ரவுட்டர் ஒழுங்காக எழுந்துவிட்டது. இரண்டு வாரம் அப்படியே ஓட்டியபின்தான், வீட்டில் டிரையரைத் தேடிய மனைவி போட்ட சத்தத்தில், புதுக் கெபாசிட்டர் வாங்கினேன்.