12 அளவீடுகளில் 5 தேறியது. திருத்தியதும் ஒன்றுதான் மிஞ்சுகிறதா?

கேள்வி: எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு. மூச்சுப் பயிற்சி செய்தால் தூக்கம் மேம்படுகிறதா என்று ரத்த அழுத்தம் உள்ள 60 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து ஆய்வு செய்தேன். கூடவே வேறு 11 அளவீடுகளும் எடுத்தேன். 5-இல் பி மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தது. டேட்டா போட்டுக் கொடுத்த சென்டரில் ஐந்தையும் ‘சிக்னிஃபிகன்ட்’ என்றார்கள். தேர்வாளர் போன்ஃபெரோனி திருத்தம் செய்யச் சொல்கிறார். செய்தால் ஒன்றுதான் நிற்கிறது, தூக்கமே போய்விடுகிறது. இரண்டு வருட உழைப்பு வீணா?

பதில்: வீணில்லை. தூக்கம் போகவும் இல்லை. ஆனால் ஐந்தும் நிற்காது.

பி மதிப்பு 0.05 என்ற கோட்டுக்கு அர்த்தம் இதுதான்: மூச்சுப் பயிற்சியால் ஒரு பலனும் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், 20 தடவைக்கு ஒரு தடவை தற்செயலாக அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு முடிவு வரும். ஒரே ஒரு அளவீடு பார்த்தால் ஏமாறும் வாய்ப்பு 5 சதவீதம். 12 பார்த்தால்? ஒன்றில் ஏமாறாமல் இருக்கும் வாய்ப்பு 0.95. அதைப் 12 தடவை பெருக்கினால் 0.54. அதாவது எதிலுமே பலன் இல்லாத ஆய்வில்கூட, குறைந்தது ஒன்றாவது ‘சிக்னிஃபிகன்ட்’ என்று வர 46 சதவீத வாய்ப்பு. கிட்டத்தட்ட பூவா தலையா. உங்கள் அளவீடுகள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்பதால் உண்மையான எண் இதைவிடக் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

இதைப் பளிச்சென்று காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. 1988-இல் வெளிவந்த ஐசிஸ்-2, மாரடைப்பு வந்த 17,187 பேரிடம் நடந்தது. ஆஸ்பிரின் உயிரைக் காக்கிறது என்று சந்தேகமில்லாமல் தெரிந்தது. நோயாளிகளை விதவிதமாகப் பிரித்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று காட்ட, ஆய்வாளர்கள் ராசிவாரியாகவும் பிரித்தார்கள். மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு மட்டும் ஆஸ்பிரினால் பலனில்லை, சற்றுக் கெடுதல் என்றுகூட வந்தது! (மேலைநாட்டுக் கணக்கு, நம் பஞ்சாங்கத்தைத் தேட வேண்டாம்.) மருந்துக்கு ராசி தெரியாது. பன்னிரண்டு கட்டமாகப் பிரித்தால் ஏதாவது ஒன்றிரண்டு கட்டம் கோணலாகத்தான் வரும்.

இனி நீங்கள் அனுப்பிய அட்டவணை. சிறியதிலிருந்து வரிசையாக: சிஸ்டாலிக் அழுத்தம் 0.003, நாடித்துடிப்பு 0.0044, தூக்கம் 0.012, வெறும் வயிற்றுச் சர்க்கரை 0.03, ட்ரைகிளிசரைடு 0.04. மீதி ஏழும் 0.1-க்கு மேலே.

போன்ஃபெரோனி ரொம்பக் கண்டிப்பானது. 0.05-ஐ 12 பங்கு போட்டு, ஒவ்வொன்றுக்கும் 0.0042 என்று கோட்டை இறக்குகிறது. சிஸ்டாலிக் மட்டும் தேறுகிறது. ஹோம் முறை இதே பாதுகாப்பைத் தருகிறது, ஆனால் வீணாகக் கெடுபிடி செய்யாது. மிகச் சிறிய மதிப்பை 0.05/12-உடன் ஒப்பிடுங்கள். அது தேறினால் அடுத்ததற்கு 0.05/11, அதற்கடுத்து 0.05/10, தவறிய இடத்தில் நிறுத்த வேண்டும். நாடித்துடிப்பின் 0.0044 இப்போது 0.0045-க்குள் வந்து தேறுகிறது. தூக்கத்துக்கு 0.005 வேண்டும், இல்லை, நிறுத்தம். ஹோம் இருக்கும்போது போன்ஃபெரோனியை ஏன் இன்னும் பிடித்துத் தொங்குகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. தேர்வாளர் படித்த காலத்துப் புத்தகத்தில் அதுதான் இருந்திருக்கும்.

ஆர் மென்பொருளில் இரண்டே வரி வேலை:

```r
p <- c(0.003, 0.0044, 0.012, 0.03, 0.04)
p.adjust(p, method = "holm", n = 12)
```

முதல் மூன்றுக்கு விடை 0.036, 0.0484, 0.12 என்று வரும். இவை ஏற்கெனவே பெருக்கி உயர்த்திய மதிப்புகள். இவற்றை 0.05-உடன்தான் ஒப்பிட வேண்டும். மறுபடியும் 0.0042-உடன் ஒப்பிட்டு எல்லாம் போய்விட்டது என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, தூக்கம்? உங்கள் எதிக்ஸ் கமிட்டிக்குக் கொடுத்த புரபோசலை எடுங்கள். ‘முதன்மை விளைவு’ என்ற இடத்தில் தூக்கத்தின் மதிப்பெண் மட்டும், டேட்டா எடுப்பதற்கு முன்பே எழுதப்பட்டிருந்தால், அதற்குத் திருத்தம் தேவையே இல்லை. ஒரே கேள்வி, ஒரே சோதனை, அதன் 0.012 அப்படியே நிற்கும். மற்ற 11-ஐயும் தனியாக வைத்து ஹோம் செய்யுங்கள். சிஸ்டாலிக் 11 மடங்கில் 0.033, நாடித்துடிப்பு 10 மடங்கில் 0.044. இரண்டும் தேறும். அந்த ஒரு பக்கத்தை நகலெடுத்து தேர்வாளரிடம் காட்டினால் பேச்சு முடிந்தது.

ஆனால் இந்தச் சலுகைதான் அதிகம் திருடப்படுவது, அதனால் அழுத்திச் சொல்கிறேன். ‘முதன்மை’ என்று நாலு அளவீடு எழுதியிருந்தால் சலுகை கிடையாது. நாலுக்கும் சேர்த்துத் திருத்த வேண்டும். ‘தூக்கம்’ என்று பொதுவாக எழுதிவிட்டு, மூன்று கேள்வித்தாள் கொடுத்து, நன்றாக வந்ததை எடுத்தாலும் கிடையாது. ஒரு மாதம் கழித்து, மூன்று மாதம் கழித்து என்று இரண்டு தடவை அளந்தால், எந்தத் தடவை என்பதும் முன்பே எழுதியிருக்க வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு கைடு ‘சிஸ்டாலிக்கை முதன்மை ஆக்கிவிடலாம்மா’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.-யில் பதிவு செய்திருந்தால், எந்தத் தேதியில் எதை மாற்றினீர்கள் என்று யார் வேண்டுமானாலும் பார்த்துவிடுவார்கள்.

அடுத்தது அந்த சென்டர். பல்கலைக்கழக வாசலில் ஜெராக்ஸ், பைண்டிங், புள்ளியியல் மூன்றும் ஒரே கவுண்டரில் நடக்கும் கடைகளை எனக்குத் தெரியும். என்னிடம் வந்த ஒரு மாணவியின் அட்டவணையில் எல்லா வரியிலும் ‘சிக்னிஃபிகன்ட்’ என்பதற்கான நட்சத்திரம் இருந்தது. விசாரித்ததில், நட்சத்திரம் வராத அளவீடுகளை ‘இடம் அடைக்கிறது’ என்று கடைக்காரரே நீக்கியிருந்தார்! எத்தனை சோதனை ஓட்டினார்கள் என்ற எண்தான் திருத்தத்தின் உயிர். அதை மறைத்தால் எந்த முறையும் உதவாது. ஆகவே பிரிண்ட் அவுட் போதாது, முழு அவுட்புட் ஃபைலையே கேட்டு வாங்குங்கள். ஆண், பெண், வயது என்று பிரித்து ஓட்டிப் பார்த்துத் தூக்கிப் போட்டிருந்தால் அவையும் கணக்கில் சேரும். மேலே 12 என்று நான் போட்டது உங்கள் சொல்லை நம்பித்தான்.

‘எஸ்.பி.எஸ்.எஸ்.-இல் போன்ஃபெரோனி டிக் பண்ணிட்டோம்’ என்றும் சொல்வார்கள். அனோவாவின் அடியில் இருக்கும் அந்தக் கட்டம், ஒரே அளவீட்டில் பல குழுக்களை ஜோடி ஜோடியாக ஒப்பிடுவதற்கு மட்டுமே. உங்களுக்கு இரண்டே குழு. 12 அளவீடுகளை அது எட்டிக்கூடப் பார்க்காது.

பெஞ்சமினி–ஹோச்பெர்க் என்று இன்னொரு முறையும் காதில் விழும். அது ஒரு தவறுகூடக் கூடாது என்று பார்ப்பதில்லை; தேறியவற்றில் தவறானவற்றின் பங்கை சராசரியாக 5 சதவீதத்துக்குள் வைக்கப் பார்க்கிறது. ஆயிரக்கணக்கான மரபணுக்களைச் சலிப்பவர்களுக்குச் சரி. அதில் போட்டாலும் உங்கள் சர்க்கரையும் ட்ரைகிளிசரைடும் தேறாது.

அதற்காக அந்த இரண்டு வரிகளை அழித்துவிடாதீர்கள். 12 அளவீடுகளும் அட்டவணையில் இருக்கட்டும். திருத்தாத பி மதிப்புக்குப் பக்கத்தில் திருத்திய மதிப்புக்கு இன்னொரு நெடுவரிசை போடுங்கள். சர்க்கரையைப் பற்றி ‘திருத்தத்துக்குப் பின் வேறுபாடு உறுதிப்படவில்லை, தனி ஆய்வு தேவை’ என்று ஒரு வரி எழுதுங்கள். வைவாவில் கேட்டால் அதையே சொல்லுங்கள். ஐந்தில் மூன்றுதானா என்று கைடு முகம் சுளித்தால், புரபோசலின் அந்தப் பக்கத்தை அவரிடமும் காட்டுங்கள். அதில் அவருடைய கையெழுத்தும் இருக்கும்.