வேலை மாறும்போது ஈசாப்பை எடுப்பதா, விடுவதா?

"ஊர் காரைக்குடி, வேலை பெங்களூரு ஸ்டார்ட்அப்பில். கம்பெனி ஈசாப்பாக, அதாவது நிர்ணயித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமையாகக் கொடுத்ததில் 10,000 ஆப்ஷன் வெஸ்ட் ஆகி என் கைக்கு வந்துவிட்டது. ஒரு பங்கை எடுக்கும் விலை 10 ரூபாய், இப்போதைய மதிப்பு 210. அடுத்த மாதம் வேலை மாறுகிறேன், 90 நாளுக்குள் எடுக்க வேண்டுமாம். ஆத்தா நகையை வைத்து எடுத்துவிடவா?"

தம்பி, நகை முதலில் பெட்டகத்திலேயே இருக்கட்டும். 1 லட்சம்தானே என்று நினைத்திருப்பீர்கள், ஆனால் எடுக்கும் நாளிலேயே பங்குக்கு 200 ரூபாய் வித்தியாசம், அதாவது 20 லட்சம், சம்பள வருமானமாக ஏறிவிடும். 30 சதவீத வரம்பில் இருந்தால் செஸ்ஸோடு 6.24 லட்சம் வரி. ஆக 7.24 லட்சம், அதுவும் உடனே விற்க முடியாத பங்குக்கு.

ஸ்டார்ட்அப்புக்கு வரி தள்ளிப்போகும் என்று யாராவது சொல்வார்கள். 80-ஐஏசி என்ற வரிச்சலுகைச் சான்றிதழ் வாங்கிய கம்பெனிக்குத்தான் அது, அதிலும் வேலையை விட்டால் சலுகை முடிந்தது.

நான் ஒருமுறை மொத்தமாக எடுத்தேன். கம்பெனி மூழ்கியது, கட்டிய வரி திரும்பவில்லை. அந்த நஷ்டத்தை மூலதன லாபத்தில்தான் கழிக்கலாம், சம்பளத்தில் முடியாது, எனக்கோ லாபமே இல்லை!

அப்புறம், அந்த 210 எங்கிருந்து வந்தது? முதலீட்டாளர் கொடுத்த விலையாக இருந்தால் வரிக்கு அது செல்லாது. மெர்ச்சன்ட் பேங்கர் போடும் மதிப்புதான் கணக்கு, அது குறைவாகவும் இருக்கலாம். எச்ஆரிடம் அந்த மதிப்பையும், கம்பெனியே பங்கைத் திரும்ப வாங்கும் பைபேக் வருமா, 90 நாளை நீட்டுவார்களா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

நானாக இருந்தால் 2,000 மட்டும் எடுப்பேன்: வரியோடு சுமார் 1.45 லட்சம், கடன் வாங்காமல், சேமிப்பிலிருந்து. மீதி போனால் போகட்டும்.