முகப்பு திறக்கிறது, பணம் கட்டும் பக்கம் திறக்கவில்லை: தளம் படுப்பதை உடனே அறிவது எப்படி?

கேள்வி: ஈரோட்டில் ஜவுளி வியாபாரம் செய்கிறோம். வேர்ட்பிரஸில் வூகாமர்ஸ் போட்டு ஆன்லைனிலும் விற்கிறோம். போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு தளம் படுத்துவிட்டது. ஞாயிறு மதியம் ஒரு வாடிக்கையாளர் "பணம் கட்டும் பக்கம் வரவே மாட்டேங்குது" என்று வாட்ஸ்அப்பில் சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. நாங்கள் பார்த்தபோது முகப்புப் பக்கம் நன்றாகத்தான் திறந்தது. தளம் செய்து தந்த தம்பி மாலையில் போனை எடுத்து, டிஸ்க் நிரம்பிவிட்டது என்று சொல்லிச் சரிசெய்தார். இனி இப்படி ஆனால் உடனே தெரிய என்ன வழி? யார் என்ன செய்வது என்று எப்படித் திட்டம் போட்டு வைப்பது?

பதில்: முகப்பு திறந்ததுதான் இதில் முக்கியமான துப்பு. பெரும்பாலான வூகாமர்ஸ் தளங்களில் வேகத்துக்காகக் கேஷ் பிளகின் ஒன்று இருக்கும். அது முகப்பையும் பொருள் பக்கங்களையும் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கு அந்த நகலையே கொடுக்கும். அதற்கு டேட்டாபேஸ் தேவையில்லை. கார்ட், செக்அவுட், 'என் கணக்கு' ஆகிய மூன்றும் ஆளுக்கு ஆள் மாறுவதால் அவற்றுக்கு நகல் கிடையாது, ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸுக்குப் போயே ஆக வேண்டும். டிஸ்க் நிரம்பியதும் டேட்டாபேஸால் எதையும் எழுத முடியவில்லை, செக்அவுட் நின்றுவிட்டது. முகப்பை மட்டும் கண்காணிக்கும் சேவை ஒன்றை அன்று வைத்திருந்தாலும், அது ஞாயிறு மதியம் வரை பச்சை விளக்கைத்தான் காட்டியிருக்கும்.

ஆகவே எதைக் கண்காணிப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எந்தச் சேவை என்பது அதற்கு அப்புறம்.

இரண்டு காவல்கள்

முதல் காவல் வெளியிலிருந்து பார்ப்பது. அப்டைம்ரோபாட் போன்ற ஏதாவது ஒரு சேவையில், 'என் கணக்கு' பக்கத்தின் முகவரியைக் கொடுங்கள். செக்அவுட் பக்கம் இதற்கு உதவாது. கார்ட் காலியாக இருந்தால் அது கார்ட் பக்கத்துக்குத் திருப்பி அனுப்பிவிடும். 'பக்கம் திறக்கிறதா' என்று மட்டும் பார்க்கும் வகையை விட்டுவிட்டு, குறிப்பிட்ட சொல் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். வெற்றுப் பக்கமோ வேறு ஏதோ பிழைப் பக்கமோ வந்தாலும், சர்வர் சில நேரம் 'எல்லாம் சரி' என்று 200 என்ற எண்ணையே அனுப்பிவிடும். தேட வேண்டிய சொல்லாக `woocommerce-form-login` என்பதைக் கொடுக்கலாம். லாகின் படிவத்தின் நிரலில் அது இருக்கும். உங்கள் தீம் படிவத்தை மாற்றியிருக்கலாம், அதனால் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சோதித்தால் போதும். தொடர்ந்து இரண்டு முறை தோற்றால் மட்டும் எச்சரிக்கை வருமாறு வையுங்கள். அப்படி வைத்தால் தளம் படுத்துப் பத்து நிமிடத்துக்குள் தெரிந்துவிடும். ஒரே ஒரு தோல்விக்கே போன் அலறினால், நாலு நாளில் வீட்டில் யாரும் அதைச் சட்டை செய்ய மாட்டார்கள்.

இரண்டாவது காவல் உள்ளேயிருந்து வர வேண்டும். டிஸ்க் நிரம்பிய பிறகும் டேட்டாபேஸைப் படிக்க முடியலாம், எழுதத்தான் முடியாது. அந்த நிலையில் லாகின் படிவம் ஒழுங்காகவே தெரியும், முதல் காவல் ஏமாந்துவிடும். அதற்காகச் சர்வரே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே 'நான் நலம்' என்று சொல்லட்டும். சொல்வது நின்றால் எச்சரிக்கை வரட்டும். `healthchecks.io` இந்த வேலையைச் செய்கிறது. அங்கே இடைவெளியைப் பத்து நிமிடம் என்று அமைத்தால் ஒரு முகவரி கிடைக்கும். கீழே உள்ள வரியின் கடைசி முகவரிக்குப் பதில் அதைப் போட்டு, குறித்த நேரத்தில் வேலைகளை இயக்கும் சர்வரின் கிரான் பட்டியலில் சேர்க்க உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள்:

```
*/10 * * * * [ $(df --output=pcent / | tail -1 | tr -dc 0-9) -lt 85 ] && curl -fsS -m 10 https://hc-ping.com/YOUR-UUID
```

டிஸ்க் 85 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் இது செய்தி அனுப்பும். 50 ஜிபி டிஸ்க் என்றால், இன்னும் 7.5 ஜிபி மிச்சம் இருக்கும்போதே செய்தி நின்று உங்களுக்குத் தெரிந்துவிடும். தளம் படுப்பதற்கு முன்பே சரிசெய்ய நேரம் கிடைக்கும். சர்வர் மொத்தமாகப் போனாலும் இதே எச்சரிக்கை வரும்.

கூடவே டொமைன், எஸ்எஸ்எல் சான்றிதழ் இரண்டும் காலாவதியாகும் நாளுக்கு நினைவூட்டல் வையுங்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் நிறுவனம் சான்றிதழ் முடியப்போவதாக அனுப்பிவந்த மின்னஞ்சலை 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. அதை நம்பியிருந்தவர்கள் வேறு ஏற்பாடு செய்தாக வேண்டும்.

எச்சரிக்கை எங்கே வருகிறது என்பதிலும் கவனம் வேண்டும். உங்கள் கடைப் பெயரிலுள்ள மின்னஞ்சல் அதே ஹோஸ்டிங்கில் இருந்தால், தளத்தோடு அதுவும் படுத்துவிடும். வேறொரு மின்னஞ்சல், அதோடு டெலிகிராம் அல்லது போன் அழைப்பு என்று இரண்டு வழி வையுங்கள், இரண்டு பேருக்குப் போகட்டும். இரவில் போனை அமைதியில் வைப்பவர்கள் அந்தச் செயலிக்கு மட்டும் விலக்குக் கொடுக்க வேண்டும்.

அலாரம் அடித்ததும்

முதலில் போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் தளத்தைத் திறந்து பாருங்கள். கடை இணைப்புதான் கோளாறு என்றால் அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை அந்த வரி ஏறக்குறையச் சொல்லிவிடும்.

`DNS_PROBE_FINISHED_NXDOMAIN` என்று வந்தால், பெரும்பாலும் டொமைன் காலாவதி அல்லது டிஎன்எஸ் குழப்பம். டொமைன் வாங்கிய இடத்தைப் பார்க்க வேண்டும். `NET::ERR_CERT_DATE_INVALID` வந்தால் சான்றிதழ் முடிந்திருக்கிறது, அல்லது பார்க்கும் போனின் தேதி தவறாக இருக்கிறது. `ERR_CONNECTION_TIMED_OUT` என்றால் சர்வரையே எட்ட முடியவில்லை, ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு டிக்கெட் போடுங்கள். `Account Suspended` என்று வந்தால் பில் கட்டியாயிற்றா என்று முதலில் பாருங்கள். `Error establishing a database connection`, அல்லது 500, 502 போன்ற எண்கள் வந்தால் சர்வர் உயிரோடு இருக்கிறது, உள்ளேதான் கோளாறு. அது தம்பியின் வேலை.

உங்களுக்கு நடந்ததையே எடுத்துக்கொள்வோம். சர்வருக்குள் நுழைந்து `df -h` கொடுத்தால் டிஸ்க் 100% என்று தெரியும். அடுத்து, எது நிரப்பியது என்று பார்க்க வேண்டும். வழக்கமாக மூன்று இடங்கள்: பேக்அப் பிளகின் `wp-content` உள்ளேயே குவித்த பழைய பேக்அப்கள், பெருத்துப்போன லாக் கோப்புகள், டேட்டாபேஸை நடத்தும் மைஎஸ்கியூஎல் தன் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் பைனரி லாக்குகள். மைஎஸ்கியூஎல் 8-இல் பைனரி லாக் தானாகவே இயங்கும், மாற்றாவிட்டால் 30 நாள் வைத்திருக்கும்.

பழைய பேக்அப்களை வேறிடத்துக்கு நகர்த்துவதுதான் பாதுகாப்பான முதல் அடி. `/var/lib/mysql` அடைவில் பெரிதாக இருப்பதைப் பார்த்துக் கையால் அழிக்கவே கூடாது. உங்கள் ஆர்டர்களே அங்கேதான் இருக்கின்றன. பைனரி லாக்கைக் குறைக்க வேண்டுமென்றால், மைஎஸ்கியூஎல்லுக்குள் போய் அதனிடமே சொல்ல வேண்டும்:

```
PURGE BINARY LOGS BEFORE NOW() - INTERVAL 3 DAY;
```

ஓடிக்கொண்டிருக்கும் நிரல் திறந்து வைத்திருக்கும் லாக் கோப்பை அழித்தால், கோப்பு மறையும், இடம் மட்டும் திரும்பக் கிடைக்காது. அந்த நிரலை மறுதொடக்கம் செய்த பிறகுதான் கிடைக்கும். இது தெரியாமல் 'அழித்தும் டிஸ்க் குறையவில்லையே' என்று அரை மணி நேரம் தொலைப்பவர்கள் நிறைய.

தம்பி இதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் சும்மா இருக்க வேண்டாம். கூகுள், ஃபேஸ்புக் விளம்பரங்கள் ஓடினால் உடனே நிறுத்தி வையுங்கள், ஒவ்வொரு கிளிக்கும் உங்கள் காசு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஆர்டரை அங்கேயே அனுப்பச் சொல்லுங்கள். 'விரைவில் வருகிறோம்' என்ற பக்கத்தைப் போடுவதானால் அது 503 என்ற எண்ணோடு போக வேண்டும், அப்போதுதான் கூகுள் அதைத் தற்காலிகத் தடங்கல் என்று புரிந்துகொள்ளும்.

தளம் திரும்பிய பிறகு பணத்தைத் தேடுங்கள்

இதைப் பலர் தவறவிடுகிறார்கள். வாடிக்கையாளர் யூபிஐயில் பணம் கட்டிவிட்டார், பேமென்ட் கேட்வே அதை உங்கள் தளத்துக்குத் தெரிவிக்கிறது, தளம் படுத்திருக்கிறது. ஆர்டர் 'பணம் வரவில்லை' என்ற நிலையிலேயே கிடக்கும். வூகாமர்ஸில் சரக்கை ஒதுக்கி வைக்கும் நேரம் மாற்றாவிட்டால் 60 நிமிடம். அதற்குள் பணம் வந்ததாகத் தெரியாவிட்டால் ஆர்டரைத் தானே ரத்து செய்துவிடும். பணம் உங்களிடம், ஆர்டர் குப்பையில். கேட்வே டாஷ்போர்டைத் திறந்து, தளம் படுத்த நேரத்துக்கு ஒரு மணி முன்பிருந்து ஒவ்வொரு வரவையும் ஆர்டரோடு ஒப்பிடுங்கள். பொருந்தாதவர்களை நீங்களே முதலில் கூப்பிடுங்கள், அவர் கூப்பிடும் வரை காத்திருக்க வேண்டாம்.

அதே காரணத்தால்தான் 'பழைய பேக்அப்பைப் போட்டுவிடலாம்' என்ற முடிவை எளிதில் எடுக்கக் கூடாது. நேற்று இரவு எடுத்த டேட்டாபேஸை இன்று மாலை ஏற்றினால் இன்றைய ஆர்டர்கள் அழிந்துபோகும். ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால், கோளாறான டேட்டாபேஸையும் தனியாக ஒரு நகல் எடுத்த பிறகே ஏற்றுங்கள்.

ஒரு பக்கத் தாள்

திட்டம் என்பது அச்சடித்த ஒரு பக்கம், ஒரு நகல் கடையில், ஒரு நகல் வீட்டில். அதில் டொமைன் எங்கே வாங்கியது, எப்போது முடிகிறது, ஹோஸ்டிங் ஆதரவுக்கு எப்படிப் போவது, மேலே சொன்ன பிழை வரிகள், விளம்பரத்தை நிறுத்துவது யார், கேட்வேயைப் பார்ப்பது யார் என்பவை இருக்கட்டும். பாஸ்வேர்டைத் தாளில் எழுத வேண்டாம், அது எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். அந்தக் கணக்குகளின் ஓடிபி யாருடைய போனுக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். தம்பியின் போனுக்கு மட்டும் போகிறது என்றால் இந்த வாரமே மாற்றுங்கள், டொமைன் உங்கள் பெயரில் இருக்கட்டும். அவர் 20 நிமிடத்தில் எடுக்காவிட்டால் கூப்பிட இரண்டாவது ஆள் ஒருவரோடு இப்போதே பேசி, மாதக் கட்டணம் என்ன என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஞாயிறு மதியம் ஆள் தேடினால் கிடைக்க மாட்டார்.

எச்சரிக்கை உண்மையிலேயே வந்து சேர்கிறதா என்று சோதிக்காமல் விடாதீர்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்அப்பைத் தேடியபோதுதான், அது சில காலமாகவே எடுக்கப்படவில்லை என்று தெரிந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. பெறும் பக்கம் அவற்றை ஏற்காமல் நிராகரித்திருந்தது.

உங்கள் சோதனை எளிது. கண்காணிப்புச் சேவையில் தேடும் சொல்லை, பக்கத்தில் இல்லாத ஒரு சொல்லாக மாற்றுங்கள். பத்து நிமிடத்துக்குள் இரண்டு போன்களும் ஒலிக்க வேண்டும். அடுத்து, கிரான் வரியில் 85 என்பதை 1 ஆக்கிவிட்டு, செய்தி நின்றதற்கான எச்சரிக்கை வருகிறதா என்று பாருங்கள். இரண்டையும் பழையபடி மாற்றி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தீபாவளி, பொங்கல் விற்பனைக்கு முன் கட்டாயம் ஒருமுறை, இதைச் செய்யுங்கள். அதே நாளில் பேக்அப் ஒன்றையும் வேறொரு சோதனை முகவரியில் ஏற்றித் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.