வேலியில் படரும் கொடி முல்லையா, பிச்சியா?

“பண்டாரவளையில் எங்கள் லயத்து வேலியில் படர்ந்திருக்கும் கொடி முல்லையா, பிச்சியா? மொட்டு இளஞ்சிவப்பாக இருக்கிறது. பூவை நேர் முன்னாலிருந்து படமெடுத்திருக்கிறேன்.”

அது பெரும்பாலும் பிச்சி. ஆனால் முடிவை இலையைப் பார்த்த பின்னரே சொல்ல வேண்டும். பிச்சியில் ஒரே காம்பில் ஐந்து முதல் ஒன்பது வரையான சிற்றிலைகள் இறகுபோல் எதிரெதிராக அமைந்திருக்கும். முல்லையிலோ ஓர் இலை மட்டுமே பெரிதாகத் தெரியும். அதன் அடியில் காதுமடல்போல் இரண்டு நுண்ணிய சிற்றிலைகள் ஒட்டியிருக்கும், சில இலைகளில் அவையும் இரா. குண்டுமல்லிக்கு அகன்ற தனியிலையும் உருண்டு பருத்த மொட்டும் உள்ளதால் அதில் குழப்பம் நேர்வதில்லை.

மொட்டு நீண்டு கூர்மையாக, வெளிப்புறம் செந்நிறம் பூசியதுபோல் இருப்பது பிச்சியின் இயல்பு. எனினும் மலர்ந்த பூவின் உட்புறம் வெண்மையே என்பதால், முன்னாலிருந்து எடுத்த படத்தில் அந்த நிறம் மறைந்துவிடும். ஆகவே காலையில் ஒரு கிளையைப் பக்கவாட்டில், மொட்டும் முழு இலையும் சேர்ந்து தெரியும்படி எடுங்கள்.

கட்டிய மாலையில் இலை இராது. அப்போது பூவின் அடியிலுள்ள பச்சைப் புல்லியைப் பாருங்கள். குண்டுமல்லியில் அது நீண்ட நூலிழைகளாகப் பிரிந்திருக்கும், முல்லையில் அதன் பற்கள் மிகக் குறுகியவை. பெயரை மட்டும் நம்பாதீர்கள்: சிங்களத்தில் ‘பிச்ச’ என்றால் குண்டுமல்லியாகவும் இருக்கலாம்.