மகளின் இரண்டு நிமிட ஸ்கிரிப்டைப் படித்தேன்

வணக்கம் அம்மா. பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள் மியூசியம் கண்காட்சிகளுக்கு அறிமுக வீடியோ எழுத ஆசைப்படுகிறாள், இதற்கெல்லாம் வேலை இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பெயரில் மாதச் சம்பளப் பதவி என்று பார்த்தால் அரிது. கண்காட்சி வடிவமைக்கும் நிறுவனங்களிடமிருந்து ஒவ்வொரு வேலையாகத்தான் வரும். நிலையான வேலை வேண்டுமானால் அருங்காட்சியகப் பொருள்களைப் பொறுப்பேற்றுக் கவனிக்கும் காப்பாட்சியர் பணியையும் மனத்தில் வைத்து, முதுகலை வரை படிக்கட்டும். ஆனால் இரண்டு பாதையிலும் முதலில் கேட்கப்போவது, "நீ செய்ததைக் காட்டு" என்பதுதான். அதனால் அவள் அனுப்பிய ஸ்கிரிப்டைப் பற்றியே பேசுகிறேன்.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்தை எடுத்திருக்கிறாள். நல்ல தேர்வு. 1851-இல் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்தின் வளாகத்தில் பல கட்டடங்கள் இருக்கின்றன, செப்புத் திருமேனிகளுக்கு தனிக் கட்டடம். முதல் தடவை வருகிறவர் வழி தெரியாமல் நிற்பது அங்கே சாதாரணம்.

திருவாலங்காட்டு நடராஜர் பற்றி அவள் எழுதியது: "சுற்றிலும் தீச்சுடர் வீசும் திருவாசியின் நடுவே ஆடுகிறார் ஆடவல்லான்." கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அங்கே நிற்கும் திருமேனிக்குத் திருவாசி, அதாவது உருவத்தைச் சுற்றி நிற்கும் சுடர் வளையம், இல்லை. நாம் எல்லோரும் படத்தில் பார்த்துப் பழகிய நடராஜரை நினைவில் வைத்து எழுதிவிட்டாள். குரல் சுடரைச் சொல்லும்போது திரையில் வெறும் பின்னணி தெரிந்தால், பார்ப்பவர் அதற்குப் பிறகு சொல்லும் எதையும் நம்ப மாட்டார். நேரில் போய் அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்று போக வேண்டாம்.

அடுத்தது, குளோசப். கையைக் காட்டி "இது கை" என்று சொல்ல ஒரு குரல் தேவையில்லை. கண் தானாகப் பிடிக்காததைத்தான் குரல் சொல்ல வேண்டும். அந்தக் கூடத்தில் பல திருமேனிகளின் பீடத்தில் துளைகளோ வளையங்களோ இருக்கும். பார்க்கிறவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அப்படி ஒன்றை எடுத்து நான் எழுதிப் பார்த்தது இது:

படம்: பீடத்தின் ஓரத்தில் ஒரு துளை. எட்டு விநாடி, கேமரா அசையாது.
குரல்: இந்தத் துளையைப் பாருங்கள். (இரண்டு விநாடி மௌனம்.) திருவிழா நாளில் இதில் கழியைக் கோத்துத்தான் சாமியைத் தோளில் தூக்கி வீதிக்குக் கொண்டுவந்தார்கள்.
படம்: மெல்ல மேலேறி முகம். குரல் இல்லை.

முகம் வரும்போது வாயை மூடிக்கொள்வதுதான் இதில் கடினம். உங்கள் மகள் இரண்டு நிமிடத்துக்கு 320 சொற்கள் எழுதியிருக்கிறாள். தமிழ்ச் சொற்கள் நீளம். நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்கு 90 சொற்கள் போதும் என்பது என் கணக்கு. மௌனத்துக்கும் இடம் விட்டால் மொத்தம் 160-க்குள் வர வேண்டும். கைப்பேசியில் நேரம் வைத்து அவளையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள், எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே வெட்டட்டும்.

அப்புறம், வழிகாட்டும் பகுதியைக் கடைசியில் வைத்திருக்கிறாள். வாசலில் ஓடும் வீடியோ திரும்பத் திரும்ப ஓடும். யாரும் முதலிலிருந்து பார்ப்பதில்லை, குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவில் வந்து நின்று, அரை நிமிடத்தில் போய்விடுவார்கள். "இந்தக் கூடத்தில் எங்கே தொடங்கலாம், படிக்கட்டு எந்தப் பக்கம்" என்பது தொடக்கத்தில் ஒரு முறை, நடுவில் ஒரு முறை வரட்டும். கட்டணமும் நேரமும் குரலில் வேண்டாம், எழுத்தாகத் திரையில் போடட்டும். அவை மாறினால் எழுத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், மறுபடி குரல் பதிவு செய்ய வேண்டியதில்லை. சத்தமான வாசலில் குரலே கேட்காது, ஆகவே வசனம் முழுவதும் கீழே ஓடவும் வேண்டும்.

படம் பிடிக்க, முக்காலி வைக்க, எழுத்தில் அனுமதி வாங்கட்டும். ஃபிளாஷ் வேண்டாம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருளை எடுத்தால் எடுப்பவரின் சட்டையும் சேர்ந்து விழும். கறுப்புத் துணியைக் கேமராவுக்கும் எடுப்பவருக்கும் நடுவே பிடிக்க ஒரு தோழியை அழைத்துப் போகலாம். போலரைசர் ஃபில்டர் கண்ணாடியின் பளபளப்பைக் குறைக்கும், வெறும் உலோகத்தின் பளபளப்பை அது அவ்வளவாகக் குறைக்காது. அதற்குக் கேமரா நிற்கும் இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

திருத்திய ஸ்கிரிப்டோடு முதல் பிரதியையும் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். திருவாசி வரியை அடித்திருக்கும் அந்தத் தாளைத்தான் நான் வேலை கொடுப்பவராக இருந்தால் முதலில் படிப்பேன்.