நான்காவது பேலட் வேண்டாம்

கேள்வி: வெளிநாட்டில் சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மாதம் 11,000 விற்கிறது, நூறுக்கு விற்றால் அதில் 25 லாபம். வாடகை, மின்சாரம் எல்லாம் சேர்த்து 2,000. வீட்டுச் செலவு மனைவி சம்பளத்தில் ஓடுகிறது. மாதம் ஒருமுறை மொத்த வியாபாரியிடம் 3 மிக்ஸ்டு பேலட், அதாவது பல சரக்கைக் கலந்து அடுக்கிய 3 மரத்தட்டு, எடுக்கிறேன், 9,000 ஆகிறது. பேலட்டுக்கு 90 வண்டிக் கூலி என்பதால் இடம் வீணாகாமல் ஏதாவது போட்டு நிரப்பிவிடுவேன். 4 பேலட் எடுத்தால் மொத்த பில்லில் 3 சதவீதம் தள்ளுபடி, 30 நாள் கடனை 60 நாளாக்குகிறேன் என்கிறார். லாபம் வருகிறது என்று கணக்கர் சொல்கிறார், கையில் காசு இல்லை, பில் கட்டத் திணறுகிறேன். 60 நாள் கிடைத்தால் பணம் சும்மாதானே இருக்கும், 2,000 கொடு என்கிறார் மச்சான். கார்டு மெஷின் கம்பெனி 6,000 முன்பணம் தருகிறதாம். என்ன செய்யட்டும்?

பதில்: நான்காவது பேலட் வேண்டாம், முன்பணமும் வேண்டாம். மச்சானுக்கும் இப்போது இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் உங்களைத் திணற வைப்பது இந்த மூன்றுமே அல்ல. "ஏதாவது போட்டு நிரப்பிவிடுவேன்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான்.

நீங்கள் விற்கும் 11,000-க்கு உங்கள் கொள்முதல் விலை 8,250. நீங்கள் வாங்குவதோ 9,000. மாதாமாதம் 750-க்குச் சரக்கு விற்காமல் தங்குகிறது. உங்கள் லாபத்தைப் பாருங்கள்: 2,750-இல் செலவு 2,000 போனால் மிச்சம் அதே 750. கணக்கர் சொல்லும் லாபம் பொய்யில்லை. அது பின்னறையில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கிறது. இப்படியே ஒரு வருஷம் போனால் 9,000, அதாவது ஒரு மாதத்துக் கொள்முதல் முழுவதும் அங்கே முடங்கிவிடும்.

இப்போது வண்டிக் கூலி. ஒரு பேலட்டில் கால்வாசி காலியாக வந்தால் வீணாவது 90-இல் கால்வாசி, 22 சொச்சம். அந்த 22-ஐ மிச்சம் பிடிக்க, கால் பேலட் சரக்கு 750-க்கு வாங்குகிறீர்கள். காலியிடம் வந்தால் வரட்டும். கண்ணுக்கு உறுத்தும்தான், ஆனால் உங்கள் கடையில் அதைவிட மலிவான செலவு வேறில்லை.

நிரப்பும் சரக்கு ஏன் தேங்குகிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. அரிசி மூட்டை, எண்ணெய், டின்கள் எல்லாம் கனம் என்பதால் பேலட்டின் அடியில் போகும். மிஞ்சுவது எப்போதும் மேல்தட்டு. அங்கே கனமானதை வைத்தால் கீழே உள்ள அட்டைப்பெட்டி நசுங்கும். அதனால் அப்பளம், சிப்ஸ், பிஸ்கட் என்று லேசான பெட்டிகளாகத் தேடிப் போடுவோம். அவைதான் இடத்தை அடைப்பவை, பலவற்றுக்கு விற்பனைத் தேதியும் குறைவு. நான் கணக்குப் பார்த்துக்கொடுத்த ஒரு கடையில், தேதி முடியப்போகும் பிஸ்கட்டைப் பாதி விலைக்குத் தள்ளிக்கொண்டே, அந்த மாத ஆர்டரிலும் அதே பிஸ்கட் எழுதியிருந்தது. கேட்டால், "மேலே இடம் இருந்தது" என்றார்கள்.

சரி, வியாபாரி சொல்லும் 60 நாளுக்கு வருவோம். தள்ளுபடி போக மாத பில் 11,640. வாடகையும் மற்றதும் போக நீங்கள் கட்ட முடிந்தது 9,000. கடன் நீளுவதால் ஒரே ஒரு மாதம் பில் வராது, அன்று 9,000 கையில் நிற்கும். மச்சான் பார்ப்பது அந்த மாதத்தைத்தான். அடுத்த மாதத்திலிருந்து மாதம் 2,640 துண்டு விழும். 9,000 என்பது 6,360 ஆகும், பிறகு 3,720, பிறகு 1,080. நான்காவது பில்லுக்குப் பணம் போதாது. மச்சானுக்கு 2,000 கொடுத்திருந்தால் மூன்றாவது பில்லிலேயே நிற்பீர்கள். அந்த நேரத்தில் இன்னும் இரண்டு மாதச் சரக்கின் பில்கள் வரிசையில் இருக்கும். 360 தள்ளுபடிக்காக மாதம் 3,000 கூடுதல் சரக்கை எடுத்ததன் விலை அது.

சும்மா இருக்கும் பணம் என்று அதில் ஒன்றுமே இல்லை. வியாபாரிக்குக் கட்ட வேண்டிய பணம், கட்டும் நாள் வரை உங்கள் கல்லாவில் தங்குகிறது, அவ்வளவுதான். மச்சானிடம் இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். மனஸ்தாபம் வந்தாலும் பில் நின்றுபோனபின் வருவதைவிடச் சின்னதாகவே இருக்கும்.

இன்னொன்று. கடனை நீட்டும்போது புதிய படிவத்தில் கையெழுத்து கேட்பார்கள். அதில் சொந்தப் பிணை, அதாவது கடை கட்டாவிட்டால் நானே கட்டுவேன் என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். கடை கம்பெனி பெயரில் இருந்தாலும், அந்தக் கையெழுத்து உங்கள் வீடு வரை வரும்.

கார்டு மெஷின் முன்பணத்தை இப்போது எல்லாரும் எடுக்கிறார்கள், எனக்கு அதைக் கேட்டாலே பொறுமை போகிறது. வட்டி என்ற சொல்லையே தவிர்த்து, "ஒரே கட்டணம்" என்பார்கள். உங்களுக்கு எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. உதாரணத்துக்கு, 6,000 வாங்கி 6,900 திருப்ப வேண்டும், கார்டு விற்பனையில் ஒரு பங்கு தினமும் பிடிப்பார்கள், ஆறு மாதத்தில் முடியும் என்று வையுங்கள். தினமும் கடன் குறைவதால் சராசரியாக உங்களிடம் இருப்பது 3,000 தான். அதற்கு ஆறு மாதத்தில் 900. வருஷத்துக்கு 60 சதவீதம் பக்கம் வருகிறது. அதுவும் மொத்த வியாபாரிக்குப் போவதற்கு முன்பே, மாதம் 1,150 உங்கள் கல்லாவுக்கு வராமலே போய்விடும்.

இனி செய்ய வேண்டியது. சரக்கு இறங்கும் அன்றே ஒவ்வொரு பெட்டியிலும் மார்க்கரால் மாதத்தை எழுதுங்கள். அடுத்த ஆர்டருக்கு உட்காரும்போது, போன மாதப் பெட்டி பிரிக்காமல் இருந்தால் அந்தச் சரக்கை எழுதாதீர்கள். ஆர்டர் தொகை போன மாத விற்பனையில் முக்கால்வாசியைத் தாண்டக் கூடாது, உங்களுக்கு அது 8,250. முதல் ஆறு மாதம் இன்னும் இறக்கி 7,500-இல், அதாவது இரண்டரை பேலட்டில் நில்லுங்கள். பின்னறைச் சரக்கை வாங்கிய விலைக்கே கொடுத்தாலும் பரவாயில்லை, அது காசாக வேண்டும். இடம் மிஞ்சி, நிரப்பியே ஆக வேண்டும் என்றால், அடுத்த மாதம் எப்படியும் ஓடும் லேசான சரக்கைப் போட்டு, அடுத்த ஆர்டரில் அதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வியாபாரியிடம் 60 நாள் கேட்காமல் வேறு இரண்டு கேளுங்கள். ஒன்று, மாதத்துக்கு ஒரே லோடாக அனுப்பாமல், பதினைந்து நாளுக்கு ஒருமுறை பிரித்து அனுப்ப முடியுமா? கூலி பேலட்டுக்குத்தானே, லோடுக்கு இல்லையே, உங்களுக்குச் செலவு பெரிதாக ஏறாது, சரக்கும் பில்லும் பாதிப் பாதியாக வரும். ஒரு லோடுக்கு இத்தனை பேலட் என்று அவர் குறைந்தபட்சம் வைத்திருந்தால் மட்டும் இது நடக்காது. இரண்டு, அவர் அனுப்பும் பேலட் 120-க்கு 80 சென்டிமீட்டரா, 120-க்கு 100-ஆ? இரண்டையும் பேலட் என்றுதான் சொல்வார்கள், ஆனால் இரண்டாவதில் இடம் கால்வாசி அதிகம். அதே 90-க்குப் பெரியது கிடைத்தால் உங்கள் இரண்டரை பேலட் சரக்கு இரண்டிலேயே அடங்கிவிடும்.