45 நிமிடத்தால் வகுத்துவிட்டு 'மணிக்கு' என்று எழுதினால்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வேகம், தூரம், நேரம் பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: நிமிடத்தை மணியாக மாற்றாமலே கணக்கைப் போட்டுவிடுவது. அதனால் அவற்றை மட்டும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். "ஒரு பேருந்து 30 கி.மீ. தூரத்தை 45 நிமிடத்தில் கடக்கிறது, அதன் வேகம் மணிக்கு எவ்வளவு?" என்ற கணக்குக்கு 30 ÷ 45 = 2/3, ஆகவே மணிக்கு 2/3 கி.மீ. என்று எழுதியிருக்கிறாள். "சரிபார்த்தியா?" என்று கேட்டால், "2/3-ஐ 45-ஆல் பெருக்கினேன், 30 வந்தது, சரிதானே?" என்கிறாள். என்ன சொல்வது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: அவள் வகுத்ததில் தவறே இல்லை. 30-ஐ 45-ஆல் வகுத்தால், பேருந்து ஒரு நிமிடத்தில் ஓடும் தூரம் கிடைக்கும். அது உண்மையிலேயே 2/3 கி.மீ.தான். "நிமிடத்துக்கு 2/3 கி.மீ." என்று எழுதியிருந்தால் முழுச் சரி. "மணிக்கு" என்று எழுதிய அந்த ஒரு சொல்லில்தான் கணக்கு கெட்டது.

அவள் சரிபார்த்த விதம் ஏன் கைவிட்டது என்பதுதான் முக்கியம். வகுக்கும்போது எந்த 45-ஐப் பயன்படுத்தினாளோ, பெருக்கும்போதும் அதே 45-ஐத்தான் எடுத்தாள். அப்படிச் செய்தால் 30 வந்தே தீரும். அந்த 45 நிமிடமா மணியா என்று அந்தப் பெருக்கல் கேட்பதில்லை. வகுத்தலில் கை தவறியதா என்பதை மட்டும்தான் அது காட்டும்.

அதற்குப் பதிலாக அவளிடம் இப்படிக் கேளுங்கள். 45 நிமிடத்தில் 30 கி.மீ. போன பேருந்து, அதே வேகத்தில் இன்னும் 15 நிமிடம் ஓடினால் எவ்வளவு போகும்? 15 என்பது 45-இல் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே 10 கி.மீ. போகும். 45-உம் 15-உம் சேர்ந்தால் ஒரு மணி நேரம், 30-உம் 10-உம் சேர்ந்தால் 40 கி.மீ. மணிக்கு 40 கி.மீ., அவ்வளவுதான். முறையாக எழுதினாலும் இதுவே வரும்: 45 நிமிடம் = 45/60 = 3/4 மணி, 30 ÷ 3/4 = 30 × 4/3 = 40.

இதிலிருந்து கணக்கே போடாமல் பார்க்கும் ஒரு சோதனை கிடைக்கிறது. பயண நேரம் ஒரு மணிக்குக் குறைவு என்றால், மணி வேகத்தின் எண் தூரத்தின் எண்ணைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஒரு மணிக்கு மேல் என்றால் சிறிதாக இருக்க வேண்டும். 45 நிமிடம் ஒரு மணிக்குக் குறைவு. அப்படியானால் விடை 30-ஐத் தாண்ட வேண்டும், 2/3 தாண்டவில்லை. விடைத்தாள் திருத்தும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். நாம் நடந்து போனாலே மணிக்கு 4, 5 கி.மீ. போய்விடுவோம். பேருந்து மணிக்கு ஒரு கிலோமீட்டர்கூடப் போகவில்லை என்றால் ஏதோ தவறு என்று அவளுக்கே பிடிபடும்.

நிமிடத்தை மாற்ற மறந்துவிட்டோம் என்று கடைசியில் தெரிந்தால், விடையை 60-ஆல் பெருக்கிவிட்டால் போதாதா? முதலிலிருந்து போட வேண்டுமா?

நேரம் முழுவதும் நிமிடத்திலேயே இருந்திருந்தால் போதும். மேலே உள்ள கணக்கில் 2/3 × 60 = 40 வந்துவிடும். தூரம் கண்டுபிடிக்கும் கணக்கில் மட்டும் எதிர்த்திசையில் போக வேண்டும். மணிக்கு 48 கி.மீ. வேகத்தில் 20 நிமிடம் என்றால், மாற்றாமல் பெருக்கியவருக்கு 960 கி.மீ. வரும். அதை 60-ஆல் வகுத்தால் சரியான விடை, 16 கி.மீ.

ஆனால் மணியும் நிமிடமும் கலந்துவிட்டால் இந்த வழி உதவாது. ஒரு கணக்கைப் பாருங்கள். ஒருவர் ஸ்கூட்டரில் முதல் 10 கி.மீ. தூரத்தை 15 நிமிடத்திலும், அடுத்த 20 கி.மீ. தூரத்தை 1 மணி நேரத்திலும் கடக்கிறார். சராசரி வேகம் என்ன? அவசரத்தில் 15 + 1 = 16 என்று கூட்டி, 30 ÷ 16 = 1.875 என்று எழுதுவார்கள். இதை 60-ஆல் பெருக்கினால் 112.5. இதுவும் தவறு. கூட்டிய 16 என்பது நிமிடமும் இல்லை, மணியும் இல்லை. அதனால் எதைப் பெருக்கியும் அதைச் சரிசெய்ய முடியாது, அந்த வரியை அடித்துவிட்டுத் திரும்பப் போட வேண்டியதுதான். 1/4 + 1 = 5/4 மணி, 30 ÷ 5/4 = 24.

இந்த வகைக் கணக்கில் சோதனை சுலபம். முதல் பகுதியில் வேகம் மணிக்கு 40, இரண்டாவதில் 20. சராசரி இந்த இரண்டுக்கும் நடுவில்தான் விழ முடியும். 1.875-உம் விழவில்லை, 112.5-உம் விழவில்லை. 24 விழுகிறது. அதிலும், மெதுவாகப் போன பகுதிக்குத்தான் அதிக நேரம் ஆனது என்பதால் 20-க்குப் பக்கத்தில் விழுகிறது.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். 150 கி.மீ. தூரம், 2 மணி 30 நிமிடம். 150 ÷ 2.30 போட்டு 65.2 வந்தது. கொடுத்த விடைகளில் 65 இருந்ததால் அதைத் தேர்ந்தெடுத்தேன். சரியான விடை 60 என்கிறார்கள். நான் மாற்றித்தானே போட்டேன்?

மாற்றவில்லை, நடுவில் புள்ளிதான் வைத்தீர்கள். எனக்கு மிகவும் கவலை தருவது இந்தத் தவறுதான். விடை பார்க்க நம்பும்படி இருப்பதால் சட்டென்று கண்ணில் படாது. நான் முதல் பதிலில் சொன்ன பெரிது-சிறிது சோதனையும் இதைப் பிடிக்காது, ஏனென்றால் 65-உம் 150-ஐவிடச் சிறிதுதான்.

2.30 என்பதில் .30-க்கு என்ன பொருள் என்று பாருங்கள். ஒரு மணியில் பத்தில் மூன்று பங்கு. 60-இல் பத்தில் மூன்று 18. ஆக, நீங்கள் வகுத்தது 2 மணி 18 நிமிடத்தால். பயணத்தில் 12 நிமிடத்தைக் குறைத்துவிட்டீர்கள், அதனால் வேகம் கூடிவிட்டது. நிமிடத்தை இரண்டு இலக்கமாக அப்படியே புள்ளிக்குப் பின்னால் எழுதினால் எப்போதும் நேரம் குறைந்தும் வேகம் கூடியும்தான் வரும். 60-ஆல் வகுக்க வேண்டியதை நாம் 100-ஆல் வகுக்கிறோம், அதுதான் காரணம். சரியான வடிவம் 2 + 30/60 = 2½.

இதைப் பிடிக்க, விடையைப் பயணத்தில் பொருத்திப் பாருங்கள், ஆனால் 2.30 பக்கமே போகாதீர்கள். மணிக்கு 65 என்றால் முதல் இரண்டு மணியில் 130 கி.மீ., அடுத்த அரை மணியில் 32.5. மொத்தம் 162.5, கேள்வியில் இருப்பதோ 150. அதே போல 60-ஐப் பொருத்தினால் 120 + 30 = 150. தேர்வில் இதற்குப் பத்து விநாடிகூட ஆகாது.

நேரம் கேட்கும் கணக்கில் இதே தவறு திரும்பி வரும். 1.25 மணி என்று விடை வந்தால், அது 1 மணி 25 நிமிடம் அல்ல, 1 மணி 15 நிமிடம்.

டியூஷன் எடுக்கிறேன். "மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் நடந்தால் பள்ளிக்கு 10 நிமிடம் தாமதம், 5 கி.மீ. வேகத்தில் நடந்தால் 5 நிமிடம் முன்னதாகவே வந்துவிடுவான், தூரம் எவ்வளவு?" ஒரு மாணவன் 300 கி.மீ. என்கிறான். சமன்பாட்டில் பொருத்திப் பார்த்தால் சரியாகவும் வருகிறது!

சமன்பாட்டை d/4 − d/5 = 15 என்று எழுதியிருப்பான். இடது பக்கம் d/20, ஆகவே d = 300. திரும்பப் பொருத்தினால் 300/4 = 75, 300/5 = 60, வித்தியாசம் 15. எண்கள் பொருந்துகின்றன. ஆனால் அந்த 75-உம் 60-உம் மணிகள், கேள்வியில் உள்ள 15 நிமிடங்கள். கிலோமீட்டரை மணிக்கு இத்தனை கி.மீ. என்பதால் வகுத்தால் கிடைப்பது மணிதான், வேறு எதுவும் கிடைக்காது. ஆகவே வலது பக்கம் 15/60 = 1/4 என்று இருக்க வேண்டும். d/20 = 1/4, d = 5 கி.மீ.

சமன்பாட்டுக்குள்ளேயே சரிபார்க்கச் சொன்னால் அவன் மறுபடியும் 300-ஐத்தான் உறுதிசெய்வான். கடிகாரத்தில் சரிபார்க்கச் சொல்லுங்கள். காலை 8 மணிக்குக் கிளம்புகிறான் என்று வையுங்கள். 5 கி.மீ. தூரத்தை மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் நடந்தால் 75 நிமிடம், 9:15-க்குப் போய்ச் சேருவான். மணிக்கு 5 கி.மீ. என்றால் சரியாக 9:00. பள்ளி மணி 9:05-க்கு அடித்தால், ஒன்று 10 நிமிடம் தாமதம், மற்றது 5 நிமிடம் முன்பு. கேள்வியில் சொன்ன இரண்டும் அப்படியே உட்காருகின்றன. அப்புறம் 300 கி.மீ.யை வைத்து இதே கடிகாரத்தை ஓட்டச் சொல்லுங்கள். 75 மணி நேரம் நடந்து, மூன்று நாள் கழித்துக் காலை 11 மணிக்கு வந்து நிற்பான்.

18-இல் 5 சூத்திரத்தைப் போட்டால் நிமிடப் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

தீராது. 5/18 என்பது மணிக்கு கி.மீ. வேகத்தை விநாடிக்கு மீட்டராக மாற்றும், நிமிடத்துக்கு மாற்றாது. மணிக்கு 54 கி.மீ. என்றால் விநாடிக்கு 15 மீட்டர். ரயில் 2 நிமிடத்தில் எவ்வளவு போகும் என்ற கேள்விக்கு 15 × 2 = 30 மீட்டர் என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். ரயிலின் நீளமே அதைவிட அதிகம். 2 நிமிடம் = 120 விநாடி, ஆகவே 15 × 120 = 1800 மீட்டர்.

"20 நிமிடத்தில் 12 கி.மீ. செல்லும் கார் 50 நிமிடத்தில் எவ்வளவு செல்லும்?" என் மகன் எதையும் மாற்றாமல் 12/20 × 50 = 30 கி.மீ. என்று போட்டான். மணியாக மாற்றும் ஸ்டெப் இல்லை என்று ஒரு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். அவன் செய்தது தவறா?

தவறே இல்லை. இரண்டு நேரமும் நிமிடத்திலேயே இருக்கின்றன, வகுக்கும்போது நிமிடமும் நிமிடமும் அடிபட்டுவிடுகின்றன. கேட்டதும் தூரம்தான், மணி வேகம் இல்லை. இங்கே மாற்ற வேண்டிய தேவையே கிடையாது, மாற்றினாலும் அதே 30-தான் வரும். ஆசிரியரிடம் மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். வீட்டில் மட்டும், அதே காரின் வேகம் மணிக்கு எவ்வளவு என்று அவனிடம் கேட்டுப் பாருங்கள். 36 என்று சொன்னால் அவனுக்கு விஷயம் புரிந்திருக்கிறது. 0.6 என்று சொன்னால் அந்த 20-ஐ 60-ஆல் வகுக்கும் வரியை அவன் இன்னும் சில நாள் எழுதிப் பழகட்டும்.